சீட் ஃபண்டிங் கிடைச்சிருச்சா? கேப்ஷன இப்படி எழுதுங்க

முதல் ஸ்டெப்பு எழுதுறதே இல்ல. டெர்ம் ஷீட்ல கையெழுத்து போட்டாச்சுன்னு உடனே போஸ்ட் பண்ணிடாதீங்க, அதுக்கப்புறமும் டீல் நின்னு போகலாம், அதனால காசு கம்பெனி அக்கவுண்ட்ல ஏறின பிறகுதான் அறிவிப்பு. தொகையையும் பேரையும் வெளிய சொல்லலாமான்னு முதலீட்டாளர்கிட்ட மெசேஜ்லயே கேட்டு வச்சுக்குங்க, ஏன்னா நிறைய ஒப்பந்தத்துல ரகசியம் காக்கணும்னு ஒரு பகுதி இருக்கும். அரசாங்க கிராண்ட் ஏதாச்சும் வாங்கியிருந்தா அத இந்த தொகையோட கூட்டி பெருசா காட்டவே கூடாது, கிராண்ட் வேற, பங்குக்கு வந்த முதலீடு வேற.

அடுத்து முதல் ரெண்டு வரி. லிங்க்ட்இன்ல மேல கொஞ்சந்தான் தெரியும், மீதி மடிஞ்சிரும். அங்க "சொல்ல வார்த்தையே இல்ல"ன்னு ஆரம்பிச்சா விஷயம் உள்ள போய் ஒளிஞ்சுக்கும். என்ன கிடைச்சது, நீங்க என்ன செய்றீங்க, அவ்ளோதான்.

நன்றி சொல்ற இடத்துலதான் முக்கால்வாசி கேப்ஷன் கெட்டுப் போகுது. இருபது பேர டேக் பண்ணி "ஆதரவுக்கு நன்றி"ன்னு போட்டா யாருக்கும் மனசுல ஒட்டாது. ஆள கம்மி பண்ணுங்க, ஒவ்வொருத்தரும் செஞ்சது என்னன்னு சொல்லுங்க. என்னைக் கேட்டா கஸ்டமர் முதல்ல, டீம் அடுத்து, முதலீட்டாளர் கடைசி.

அடக்கம்னா "நாங்க ரொம்ப சின்னவங்க"ன்னு எழுதுறது இல்லங்க. காசு எதுக்கு, இன்னும் எது சரியா ஓடலன்னு சொன்னாலே போதும், அடக்கம் தானா வந்துரும்.

பினாங்குல மளிகை கடைங்களுக்கு ஸ்டாக் ஆப் செய்ற ஒரு கம்பெனின்னு வச்சுக்குவோம்:

"எங்களுக்கு 5 லட்சம் வெள்ளி சீட் முதலீடு கிடைச்சிருக்கு. பினாங்கு மளிகை கடைங்களுக்கு ஸ்டாக் பார்க்குற ஆப் செய்றோம்.

ஆப் பாதிதான் ஓடுன நேரத்துலயே தன் கடை கணக்க நம்பிக் குடுத்த லெபோ பாசார் அக்காவுக்கு நன்றி, கடன் நோட்டு பக்கம் அவங்க கேட்டுத்தான் வந்துச்சு. ராத்திரி கடை மூடுற நேரத்துல போன் வந்தாலும் எடுத்துப் பேசுன எங்க டீமுக்கும், நம்பி காசு போட்டவங்களுக்கும் நன்றி.

இந்தக் காசுல ரெண்டு டெவலப்பர் சேர்க்குறோம், பட்டர்வொர்த் பக்க கடைங்களுக்கும் போறோம். லைன் இல்லாத நேரத்துல ஆப் இன்னும் திக்குது, முதல் வேலை அதுதான்."

"உலகத்தரம்", "புரட்சி" எதுவும் இல்ல பாருங்க. அந்த அக்காவுக்கு முன்னாடியே படிச்சுக் காட்டி சம்மதம் வாங்கிருங்க, அவங்க கடை விஷயம் அது.

போஸ்ட் போட்டதும் கமெண்ட்ல "நானும் காசு போடலாமா"ன்னு கேட்பாங்க. சென்டிரியான் பெர்ஹாட் கம்பெனி பொதுமக்கள்கிட்ட நேரடியா பங்கு வாங்க வாங்கன்னு கூப்பிட சட்டத்துல இடமில்ல, அதனால கேப்ஷன்லயும் கமெண்ட்லயும் அப்படி ஒரு வரி கூட வேணாம், நன்றி சொல்லி அங்கயே நிறுத்திக்குங்க.