ராஜினாமா கடிதத்தில் நான் வெட்டியவை

கோபத்தில் எழுதிய முதல் வரைவு ஒன்றரைப் பக்கம். மெயிலில் டு முகவரியைக் காலியாக விட்டுத்தான் தட்டினேன். இல்லாவிட்டால் அன்றே போயிருக்கும்.

மறுநாள் ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: இது என் கடைசி வேலைநாளையோ, ஒப்படைப்பையோ மாற்றுமா? "என் ரிப்போர்ட்டை மேனேஜர் தன் பெயரில் காட்டினார்" என்பது உண்மைதான், ஆனால் எதையும் மாற்றாது. வெட்டினேன். மேனேஜர் நாளைக்கே வேறு கம்பெனிக்குப் போய்விடலாம். கடிதம் எச்ஆர் ஃபைலில் இருக்கும்.

வராமல் கிடந்த பயணப்படியை மட்டும் விட மனசில்லை. அதைப் பில்களோடு அக்கவுண்ட்ஸுக்குத் தனி மெயிலாக அனுப்பினேன். பாலியல் தொல்லை போன்ற புகாரும் இப்படித்தான்: ராஜினாமாவில் ஒரு வரியாகப் புதைக்காமல் கம்பெனியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் தனியாக எழுத்தில் தரவேண்டும். 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி அதற்குச் சம்பவம் நடந்ததிலிருந்து பொதுவாக மூன்று மாதம்தான் கெடு.

"சொந்தக் காரணங்களால்" என்று போடச் சொன்னார் ஒரு நண்பர். போடவில்லை. பின்னால் தகராறு வந்தால் அந்தப் பொய் நமக்கு எதிராகவே நிற்கும். காரணமே எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. "எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை" என்ற வழக்கமான வரியையும் தவிர்த்தேன்.

கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்:

"என் பணியிலிருந்து விலகுகிறேன். 60 நாள் நோட்டீஸின்படி ஜூன் 30 என் கடைசி வேலைநாள். அதற்குள் பொறுப்புகளை ஒப்படைத்துவிடுகிறேன். ரிலீவிங் லெட்டரும் கணக்குத் தீர்வும் வழங்கக் கோருகிறேன்."

"நன்றி" சேர்ப்பதா என்றுதான் வெகுநேரம் யோசித்தேன். டீமுக்கு மட்டும் தனியாகச் சொல்லிக்கொண்டேன்.