ஒளிவினையும் கால்வின் சுழற்சியும்: ஒரே தாளில் இரண்டையும் பிரித்து வரைவது எப்படி?

ஒளிச்சேர்க்கை பற்றிய ஸ்லைடுகள் பெரும்பாலும் மொத்தச் சமன்பாட்டில் தொடங்குகின்றன. கார்பன் டை ஆக்சைடும் நீரும் உள்ளே போகின்றன, சர்க்கரையும் ஆக்சிஜனும் வெளியே வருகின்றன. குழப்பம் அங்கேயே விதைக்கப்படுகிறது என்பேன். ஒளியைப் பிடிக்கும் ஒளிவினை, கார்பனைச் சர்க்கரையாக்கும் கால்வின் சுழற்சி என்ற இரண்டு வேலைகளை ஒரே அம்புக்குறிக்குள் அடைத்தால், கார்பன் டை ஆக்சைடிலிருந்துதான் ஆக்சிஜன் வருகிறது என்று யாருக்கும் தோன்றும். அந்த ஸ்லைடை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள்.

படி 1: கோடு போடுங்கள்

வெள்ளைத் தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கத்துக்குத் தைலக்காய்டு சவ்வு என்றும் வலப்பக்கத்துக்கு ஸ்ட்ரோமா என்றும் பெயரிடுங்கள். பசுங்கணிகத்துக்குள் அடுக்கடுக்காக இருக்கும் தட்டையான பைகள் தைலக்காய்டுகள். அவற்றைச் சூழ்ந்திருக்கும் திரவம் ஸ்ட்ரோமா. பச்சையம், நீர், எலக்ட்ரான் பேசும் ஸ்லைடு இடப்பக்கம். கார்பனும் ரூபிஸ்கோ நொதியும் வரும் ஸ்லைடு வலப்பக்கம்.

படி 2: இடப்பக்கத்தை நிரப்புங்கள்

ஒளி பட்டதும், சவ்வில் ஒளியைப் பிடிக்கும் தொகுப்புகளில் ஒன்றான ஒளித்தொகுதி 2-இல் உள்ள பச்சையம் எலக்ட்ரானை இழக்கிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நீர் பிளக்கப்படுகிறது, ஆக்சிஜன் வெளியேறுகிறது. எலக்ட்ரான்கள் ஒளித்தொகுதி 1 வழியாகச் சென்று, எலக்ட்ரான்களைச் சுமந்து செல்லும் என்ஏடிபிஎச் உருவாக உதவுகின்றன. போகும் வழியில் பைக்குள் சேரும் புரோட்டான்கள் வெளியே பாயும் விசையில், ஆற்றலைச் சுமந்து செல்லும் ஏடிபி உருவாகிறது. (2 முன்னால் வருகிறதே என்று திகைக்க வேண்டாம். அந்த எண்கள் எலக்ட்ரான் செல்லும் வரிசையைக் குறிப்பவை அல்ல.)

எழுதி முடித்ததும் இடப்பக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். அதில் கார்பன் டை ஆக்சைடும் சர்க்கரையும் இருக்கவே கூடாது, இருந்தால் தவறு. 1937-இல் ராபர்ட் ஹில், பிரித்தெடுத்த பசுங்கணிகங்களுக்கு எலக்ட்ரானை ஏற்கும் இரும்பு உப்பைக் கொடுத்து ஒளியில் வைத்தார். கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையாக மாறாமலேயே ஆக்சிஜன் வந்தது.

படி 3: வலப்பக்கத்தில் கார்பன்களை எண்ணுங்கள்

கால்வின் சுழற்சியின் நீண்ட பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, கார்பன் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. மூன்று கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளோடு தொடங்குவோம்.

ஐந்து கார்பன் கொண்ட ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்: 15 கார்பன். ரூபிஸ்கோ அவற்றோடு மூன்று கார்பன் டை ஆக்சைடைச் சேர்க்கிறது: 18. இவை மூன்று கார்பன் கொண்ட ஆறு பாஸ்போகிளிசரிக் அமில மூலக்கூறுகளாகின்றன. அடுத்து ஆறு ஏடிபியும் ஆறு என்ஏடிபிஎச்சும் செலவாகி, அந்த ஆறும் மூன்று கார்பன் சர்க்கரை பாஸ்பேட்டுகளாக மாறுகின்றன. அவற்றில் ஒன்றுதான் செடிக்குக் கிடைக்கும் லாபம். மீதி ஐந்தில் உள்ள 15 கார்பன், மேலும் மூன்று ஏடிபி செலவில், மறுபடியும் மூன்று ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் ஆகிறது.

ஆக, மொத்தச் செலவு ஒன்பது ஏடிபி, ஆறு என்ஏடிபிஎச். 'சுழற்சி' என்ற சொல் ஏன் வந்தது என்பதும் இந்தக் கணக்கிலேயே விளங்கிவிடும்: தொடங்கிய 15 கார்பனும் திரும்பி வந்துவிட்டது.

படி 4: திரும்பும் அம்புகளை மறக்காதீர்கள்

ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போவதாக எல்லோரும் வரைந்துவிடுவார்கள். ஆனால் செலவான ஏடிபி, ஏடிபி-யாகவே இருப்பதில்லை. அது ஒரு பாஸ்பேட்டை இழந்து அடினோசின் டைபாஸ்பேட் ஆகிறது. என்ஏடிபிஎச்சும் எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டு வெறும் என்ஏடிபி ஆகிறது. இவ்விரண்டும் இடப்பக்கம் திரும்பினால்தான் ஒளிவினை தொடர முடியும். இந்த அம்புகளை வரையாத தாளில் இரண்டு வேலைகளும் தொடர்பில்லாத இரண்டு கதைகளாக நின்றுவிடும்.

படி 5: விளக்கை அணைத்துப் பாருங்கள்

பல ஸ்லைடுகளில் கால்வின் சுழற்சிக்கு 'இருள்வினை' என்று தலைப்பிட்டிருக்கும். அதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதுங்கள். அது ஒளியை நேரடியாகப் பிடிப்பதில்லை, அவ்வளவுதான். இரவில் நடக்கும் வேலை அல்ல.

இதற்குச் சான்று கால்வின் குழுவினரின் பாசிச் சோதனைகளிலேயே கிடைத்தது. உங்கள் தாளை வைத்து முடிவை முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள். விளக்கை அணைத்தால் ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் வருவது நிற்கும். ரூபிஸ்கோ சற்று நேரம் கார்பனைச் சேர்த்துக்கொண்டே இருப்பதால் பாஸ்போகிளிசரிக் அமிலம் தேங்கும். அதைச் சர்க்கரையாக்க வழியில்லாததால் ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் குறையும். பாசியிலும் அதுவேதான் நடந்தது.

இப்போது விளக்கை எரியவிட்டு, கார்பன் டை ஆக்சைடை மட்டும் திடீரென்று குறையுங்கள். எது தேங்கும், எது குறையும்? ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் தேங்கி, பாஸ்போகிளிசரிக் அமிலம் குறையும் என்று தாளைப் பார்த்தே சொல்லிவிட்டால், ஒதுக்கிவைத்த மொத்தச் சமன்பாட்டு ஸ்லைடை எடுத்து, அதிலுள்ள ஆக்சிஜனுக்கு நீரிலிருந்து ஓர் அம்பு வரையுங்கள்.