படகு, அலைக்கோடு, கோயில்: தட்டையான கடற்கரையில் படத்துக்கு ஆழம் கொண்டுவருவது எப்படி

மாமல்லபுரத்துக்கு விடியற்காலையில் மூன்று தடவை போய் மூன்று தடவையும் ஒரே மாதிரி சொதப்பிய பிறகுதான் இதை எழுதுகிறேன். கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மீனவர்கள் படகு ஏற்றி வைத்திருக்கும் மணல் இருக்கிறது இல்லையா, அங்கே நின்று தெற்கே பார்த்தால் முன்னால் படகு, நடுவில் ஈர மணலும் அலையும், பின்னால் கோயில் என்று எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். முன்புலம், நடுப்புலம், பின்புலம் மூன்றும் கையில் இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டரில் போட்டால், பெரிய படகு ஒன்று, அதன் தலைக்கு மேல் தீக்குச்சி மாதிரி ஒரு கோயில். நடுவில் ஒன்றுமே இல்லை. இரண்டு படத்தை வெட்டி ஒட்டியது போல இருந்தது.

கேமராவை எப்படிப் பிடிப்பது, மேனுவல் மோடு என்றால் என்ன என்பதற்கெல்லாம் நான் போகவில்லை. கையில் இருப்பது சாதாரண 18-55 கிட் லென்ஸ், கிராப் சென்சார் கேமரா. இதற்கு அதுவே போதும், வைட் லென்ஸ் வாங்க வேண்டாம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் பின்புலம்

நாம் எல்லோரும் முன்னால் இருக்கும் படகைப் பார்த்ததும் அதன் அருகில் ஓடுகிறோம். அது தலைகீழ் வேலை. முதலில் பின்னால் இருப்பது படத்தில் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று முடிவு செய்து, ஜூமை அங்கே நிறுத்திவிட வேண்டும். கோயிலின் பெரிய விமானம் சுமார் 18 மீட்டர் உயரம். அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 18 மில்லிமீட்டரில் அது படத்தின் உயரத்தில் இருபத்து நான்கில் ஒரு பங்குதான் வரும். 35-இல் பன்னிரண்டில் ஒரு பங்கு, 55-இல் எட்டில் ஒரு பங்கு. வைட் லென்ஸ் வேண்டாம் என்றது இதனால்தான். அகலமாகப் போகப் போக கோயில் சுருங்கிக்கொண்டே போகும், அப்புறம் எடிட்டிங்கில் எவ்வளவு தேய்த்தாலும் திரும்பி வராது.

எனக்கு 35 பிடித்தது. 55-இல் கோயில் நன்றாக வந்தது, ஆனால் முழுப் படகு உள்ளே வர வேண்டுமானால் மிகவும் பின்னால் போக வேண்டியிருந்தது, பின்னால் போனால் அடுத்த படகின் வலை காலில் மாட்டுகிறது. அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "தம்பி, படம் எவ்வளவு வேணும்னாலும் புடிங்க, வலைய மட்டும் மிதிக்காதீங்க" என்றார். அவர் உட்கார்ந்திருந்த படகையே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அப்புறம் முன்புலம்: ஜூமைத் தொடாமல், காலால்

ஜூம் 35-இல் நிற்கட்டும். இப்போது முன்னும் பின்னும் நடந்துதான் படகின் அளவை மாற்ற வேண்டும். இரண்டடி முன்னால் போனால் படகு சட்டென்று பெரிதாகும், கோயில் அப்படியே இருக்கும். நான் படகின் முன்நுனியான அணியத்திலிருந்து சுமார் ஆறு மீட்டர் தள்ளி நின்றேன்.

பக்கவாட்டில் நகர்வதும் இதே நேரத்தில். படகின் நுனி கோயிலின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. அப்படித் தொட்டால் இரண்டும் ஒரே தூரத்தில் இருப்பதாகக் கண் நினைத்துக்கொள்ளும். ஒன்று தெளிவாக இடைவெளி விட வேண்டும், இல்லை தெளிவாக மறைக்க வேண்டும். பின்னால் இருக்கும் இரண்டாவது படகை முதல் படகு பாதி மறைத்தால் நல்லதுதான், அதுவே ஆழம்தான். உரசிக்கொண்டு நிற்பதுதான் ஆகாது.

கேமரா உயரம்: நான் மாட்டிக்கொண்ட இடம்

"நல்லா குனிஞ்சு, தரையோட தரையா வெச்சு எடு, அப்பதான் டெப்த் வரும்." இதை எனக்குச் சொல்லாத ஆள் இல்லை. மூன்று தடவையும் மணலில் முட்டி போட்டுத்தான் எடுத்தேன். கெட்டதே அதனால்தான்.

தட்டையான தரையில் நின்றால் கடலின் தொடுவானக் கோடு எப்போதும் நம் கேமராவின் உயரத்திலேயே எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு போகும். கேமரா முழங்கால் உயரத்தில் இருந்தால், பக்கத்தில் இருக்கும் படகு, தூரத்துப் படகு, நடந்து வரும் ஆள் எல்லோரையும் அது முழங்கால் உயரத்தில்தான் வெட்டும். அதாவது இடுப்பு உயரப் படகின் மேல்பகுதி அந்தக் கோட்டைத் தாண்டி மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், பின்னால் இருக்கும் அலை, மணல், மற்ற படகுகள் எல்லாம் அதன் பின்னால் ஒளிந்துவிடும்.

இன்னொன்றும் நடக்கிறது. நடுப்புலமே நசுங்கிப் போகிறது. என் இடத்திலிருந்து 20 மீட்டருக்கும் 100 மீட்டருக்கும் இடையில் இருக்கும் மணலைத்தான் நடுப்புலம் என்று எடுத்துக்கொள்வோம், அலைக்கோடு வளைந்து கோயில் பக்கம் போவது அங்கேதான். கேமரா தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் என்றால், 35 மில்லிமீட்டரில் அந்த 80 மீட்டர் மணலும் படத்தின் உயரத்தில் இருபத்தெட்டில் ஒரு பங்குப் பட்டையாகச் சுருங்கிவிடும். அதே கேமராவைக் கண் உயரத்துக்கு, 160 சென்டிமீட்டருக்குத் தூக்கினால் ஏழில் ஒரு பங்கு. உயரம் நான்கு மடங்கு ஆனால் பட்டையும் நான்கு மடங்கு, அவ்வளவு நேரான கணக்கு. குனிந்து எடுத்த படத்தில் நடுவில் ஒன்றுமில்லாமல் போனதற்குக் காரணம் வேறெதுவுமில்லை, நானே அதை நசுக்கியிருந்தேன்.

நான்காவது தடவை எழுந்து நின்று எடுத்தேன். படகின் அணியம் தொடுவானத்துக்குக் கீழே இறங்கியது. அதற்கு மேலே ஈர மணல் தெரிந்தது, அலையின் வெள்ளை விளிம்பு இடது ஓரத்தில் தொடங்கி கோயிலை நோக்கிச் சாய்ந்து போனது, நடுவில் நாலைந்து பேர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கோயில் மட்டும் கோட்டைத் தாண்டி வானத்தில் நின்றது. நானே கொஞ்ச நேரம் கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆனால் நின்று எடுப்பதிலும் ஒரு வம்பு உண்டு. நடுவில் நிற்கும் ஆளும் நம் உயரமே என்றால் கடல்கோடு அவர் கண்ணிலோ கழுத்திலோ சரியாகப் போய் வெட்டும். பார்க்கச் சகிக்காது. ஆள்தான் முக்கியம் என்றால் கேமராவை நெஞ்சுக்கும் கீழே இறக்குங்கள், தலையும் தோளும் வானத்துக்குப் போய்விடும். மணலும் படகும்தான் முக்கியம் என்றால் இன்னும் மேலே தூக்குங்கள். நான் சில சமயம் திரையைக் கீழ்நோக்கித் திருப்பி, கையைத் தலைக்கு மேல் நீட்டி எடுக்கிறேன். மணல் மேடு இருந்தால் அதன் மேல் ஏறுவது இன்னும் எளிது. படகு மேட்டில் இருந்து நீங்கள் பள்ளத்தில் நின்றால் கணக்கு மாறும், மணலிலிருந்து அளக்காமல் கேமராவின் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும்.

டிரைபாட் பற்றி ஒரு வார்த்தை. அதை முதலில் விரித்து வைத்துவிட்டால் அதன் உயரமே நம் உயரம் ஆகிவிடுகிறது, சோம்பேறித்தனத்தில் யாரும் மாற்றுவதில்லை. கையில் வைத்து மேலும் கீழும் தேடி, சரியான உயரம் கிடைத்த பிறகுதான் டிரைபாட். வெளிச்சம் வந்துவிட்டால் அதுவும் தேவையில்லை.

ஃபோகஸ்

இது சட்டென்று முடியும். 35 மில்லிமீட்டர், f/11, படகின் நுனியில், அதாவது ஆறு மீட்டரில் ஃபோகஸ். கிராப் சென்சாரில் இதற்கு சுமார் மூன்று மீட்டரிலிருந்து கோயில் வரை எல்லாமே கூர்மையாக வரும். கோயிலில் ஃபோகஸ் வைக்காதீர்கள், படகு மெல்ல மங்கிவிடும், திரையில் தெரியாது, பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். f/22 வரை போகவும் வேண்டாம், படம் முழுக்கக் கொஞ்சம் மழுங்கும். கடல் காற்றில் லென்ஸ் மேல் உப்பு படியும், அதைத் துடைக்காமல் விட்டுவிட்டு ஃபோகஸ் சரியில்லை என்று நான் ஒரு காலை முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வெளிச்சமும் எடிட்டிங்கும்

தெற்கே பார்த்து நிற்பதால் காலை வெயில் இடது பக்கமிருந்து வரும். டிசம்பரில் சூரியன் தென்கிழக்கே தள்ளி உதிப்பதால் படகின் வலது பக்கம் நிழல் விழுந்து அதன் உருண்டை வடிவம் தெரியும். ஜூனில் கொஞ்சம் நம் முதுகுப் பக்கமாகவே வெயில் வந்துவிடும், எல்லாம் ஒரே பிரகாசமாக இருக்கும். எனக்கு டிசம்பர், ஜனவரிதான்.

நம் கடற்கரையில் காலையில் ஒரு வெளிறிய மூட்டம் இருக்குமே, அதைத் திட்டாதீர்கள். படகு கருமையாக, நடுவில் இருப்பவர்கள் கொஞ்சம் வெளிறி, கோயில் இன்னும் வெளிறி நிற்பதால்தான் கண்ணுக்குத் தூரம் புரிகிறது. லைட்ரூமில் Dehaze-ஐ படம் முழுக்க இழுத்தால் கோயிலும் படகு அளவுக்குக் கருத்து முன்னால் வந்து நின்றுவிடும். ஸ்னாப்சீடில் HDR Scape செய்வதும் கிட்டத்தட்ட அதே கேடுதான். நான் படகில் மட்டும் கொஞ்சம் கான்ட்ராஸ்ட் கூட்டுகிறேன், கோயிலைத் தொடுவதில்லை.

பிற்சேர்க்கை 1: போனில் எடுப்பவர்கள் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். 0.5-ஐத் தொடாதீர்கள், கோயில் காணாமல் போகும். 2 அல்லது 3-இல் வைத்துப் பின்னால் நடங்கள். உயரக் கணக்கு போனுக்கும் அப்படியே பொருந்தும். ஃபோகஸ் கவலை உங்களுக்கு அவ்வளவாக இல்லை, சென்சார் சிறியது.

பிற்சேர்க்கை 2: ஏற்காட்டில் லேடிஸ் சீட்டிலிருந்து இதை முயன்று பார்த்த ஒருவர், நின்றாலும் குனிந்தாலும் சேலம் ஊர் அப்படியேதான் தெரிகிறது என்று எழுதியிருந்தார். உண்மைதான். பள்ளத்தாக்கு பல நூறு மீட்டர் கீழே இருக்கிறது, அதற்கு நம் ஒரு மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. இந்தக் கணக்கு தட்டையான இடத்துக்கு: கடற்கரை, ஏரி, வயல். மலையில் நடுப்புலம் ஏற்கெனவே விரிந்து கிடக்கிறது, அங்கே உயரத்தை மாற்றினால் மாறுவது பக்கத்தில் இருக்கும் பாறையும் கம்பியும்தான். அதனால் அங்கே தாராளமாகக் குனியலாம், கம்பிக்கு இடையில் லென்ஸை நீட்டினால் கம்பியும் படத்தில் வராது. கழுத்துப் பட்டையை மட்டும் கையில் சுற்றிக்கொள்ளுங்கள்.