த்ரீ இன் வன் பக்கற்றும் யாழ்ப்பாணத்துத் தண்ணீரும்

யாழ்ப்பாணத்தில் தங்குமிடம் எதுவானாலும் அறையில் ஒரு கேத்தில் இருக்கும், பக்கத்துத் தட்டில் இரண்டு கப்பும் நாலைந்து த்ரீ இன் வன் கோப்பிப் பக்கற்றும் இருக்கும். சொந்தக்காரர் வீட்டிலும் கோப்பி கேட்டால் பல இடங்களில் அதே பக்கற்தான் கிழிபடும். மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து வறுத்து இடித்த கோப்பித்தூள் சில வீடுகளில் இன்னும் உண்டு. கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் நாளாந்தம் குடிப்பது தேத்தண்ணி. ஒரு காலத்தில் இலங்கை மலையகம் முழுக்கக் கோப்பித் தோட்டமாக இருந்தது. 1869 இல் தென்பட்ட இலைத்துரு நோய் அதை அழித்த பிறகுதான் தேயிலை வந்து உட்கார்ந்தது. ஆகவே இங்கே பயணிக்குக் கிடைக்கும் கோப்பி பெரும்பாலும் இன்ஸ்டன்ட். அதில் என்ன இருக்கிறது, அதைக் கொண்டு குடிக்கக்கூடிய ஒரு கப் எப்படிப் போடலாம் என்று பார்ப்போம்.

பக்கற்றின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்ததுக்கு என்ற வரிசையில்தான் எழுதுவார்கள். த்ரீ இன் வன்னில் முதலில் நிற்பது வழக்கமாகச் சீனி, அடுத்தது கிரீமர், மூன்றாவதாகத்தான் கோப்பி. 20 கிராம் பக்கற் ஒன்றை எடுத்தால் சீனி ஏறத்தாழ 10 கிராம், கிரீமர் 8 கிராம், கோப்பி வெறும் 2 கிராம் என்ற கணக்கில் வரும். நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் முன்பின் இருக்கும், வரிசை அவ்வளவாக மாறாது. ஒரு கப்புக்கு 2 கிராம் கோப்பி என்பது குறைவான அளவுமில்லை. ஆனால் சுற்றியிருக்கும் இனிப்பும் கொழுப்பும் அதன் குரலை அமுக்கிவிடுகின்றன.

கிரீமரைப் பால்மா என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது பால்மா இல்லை. பாதிக்கு மேல் குளுக்கோஸ் சிரப்பைக் காய வைத்த தூள், மூன்றிலொரு பங்கு அளவில் பாம் அல்லது தேங்காய் எண்ணெயைக் கெட்டியாக்கிய கொழுப்பு, மிச்சத்தில் பாலிலிருந்து பிரித்த கேசினேட் என்ற புரதம் சிறிதளவு, கலங்காமல் பிடித்துவைக்கும் பொஸ்பேற் உப்புகள், தூள் கட்டிபடாமல் வைக்கும் சிலிக்கா. இந்தக் கேசினேட்டைக் கவனியுங்கள். 'பால் சேராதது' என்று முன்பக்கம் எழுதியிருந்தாலும் பால் புரதம் உள்ளே இருக்கலாம். பிள்ளைக்குப் பால் ஒவ்வாமை என்றாலோ, நீங்கள் பாலே தொடாதவர் என்றாலோ முன்பக்கத்தை நம்ப வேண்டாம்.

சீனி வருத்தம் உள்ள பெரியவர்களுக்குத்தான் இதில் கூடுதல் ஆபத்து. "நான் சீனி போடுறதில்லை, பக்கற் மட்டும்தான்" என்று அம்மம்மா சொல்லுவா. அவ சொல்வது பொய்யில்லை, சீனிப் போத்தலை அவ தொடுவதேயில்லை. ஆனால் ஒரு பக்கற்றிலேயே இரண்டரைத் தேக்கரண்டி சீனி போய்ச் சேர்ந்தாயிற்று. அதற்கு மேல் கிரீமரில் இருக்கும் குளுக்கோஸ் சிரப், இன்னுமொரு 5 கிராம் அளவில், கிட்டத்தட்டச் சீனி போலவே இரத்தத்தில் ஏறும். நாளுக்கு மூன்று பக்கற் என்றால் சீனி மட்டும் 30 கிராம். லேபலில் சீனி என்ற வரியை மட்டும் பார்க்காமல் மொத்த மாப்பொருள் வரியையும் பாருங்கள், 15 கிராமுக்குக் கிட்ட இருக்கும். வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக இதைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருபவர்கள், யாருக்குக் கொடுக்கிறோம் என்று ஒருமுறை யோசிக்கலாம். சீனி சேர்க்காத டூ இன் வன் பக்கற்றும் உண்டு. அதிலும் கிரீமர் அதே கிரீமர்தான்.

சரி, இப்போது தண்ணீர். ஒஸ்லோவிலோ ரொறன்ரோவிலோ அழகாகக் கரைந்த அதே பக்கற் இங்கே ஏன் மேலே வெள்ளைத் துகள் துகளாக மிதக்கிறது என்று சிலர் குழம்புவார்கள். பழுதாகிவிட்டது என்று கொட்டியும் விடுவார்கள். பெரும்பாலும் பிழை பக்கற்றில் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட. கோப்பி புளிப்புத் தன்மை உள்ளது. சூடான புளிப்பும் கல்சியமும் சேரும்போது பால் புரதம் திரளத் தொடங்குகிறது. கிரீமரில் பொஸ்பேற் போடுவதே இதைத் தடுக்கத்தான், ஆனால் தண்ணீர் மிகவும் கடினமாக இருந்தால் அதுவும் தாங்காது. கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால், கறுப்புத் தேத்தண்ணியின் மேல் ஆடை மாதிரி ஒன்று மின்னினால், உங்கள் தண்ணீர் அந்த வகை. துகள் மிதந்த கோப்பியைக் குடித்தால் ஒன்றும் செய்யாது, பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

கடினத் தண்ணீர் வெறும் கோப்பியையும் கெடுக்கும். அதில் கரைந்திருக்கும் உப்புகள் கோப்பியின் மெல்லிய புளிப்பை நடுநிலையாக்கிவிடுவதால் கப் சப்பென்று இருக்கும். ஆட்கள் உடனே இன்னொரு கரண்டி தூள் போடுவார்கள், கசப்புத்தான் ஏறும். போத்தல் தண்ணீரோ சுத்திகரித்து விற்கும் கேன் தண்ணீரோ எடுத்துக் கோப்பிக்கு மட்டும் கொதிக்க வைத்துப் பாருங்கள். நான் சொல்லப்போகிற மற்றச் சூட்சுமங்கள் எல்லாம் சேர்ந்து தரும் மாற்றத்தை விட இது ஒன்றே பெரியது.

பக்கற்றைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் என்ன செய்வது? சின்னப் போத்தல் வெறும் இன்ஸ்டன்ட் கோப்பி ஒன்றைக் கடையில் வாங்கிப் பையில் வையுங்கள். பக்கற்றில் பாதியை மட்டும் கப்பில் போட்டு, அரைத் தேக்கரண்டி வெறும் தூளைச் சேருங்கள். சீனியும் கிரீமரும் பாதியாகும், கோப்பி குறையாது. ஒரேயொரு கவனம்: பக்கற் பெட்டியில் குலுங்கி வந்ததில் சீனி மணிகள் ஒரு பக்கமும் மெல்லிய தூள் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். கிழிக்கும் முன் நன்றாக ஆட்டுங்கள். இல்லையென்றால் முதல் பாதி பாயசம், இரண்டாவது பாதி கசாயம்.

இனி வெறும் தூளில் முழுக் கப் போடுவது. முதலில் எந்தத் தூள் என்று பாருங்கள். மாவு போல மெல்லியது, சிறு உருண்டையாகச் சேர்ந்தது, கூர் விளிம்புள்ள மணி போன்றது என்று மூன்று வடிவத்தில் வரும். முதல் இரண்டும் கோப்பிச் சாற்றைச் சூடான காற்றில் தெளித்துக் காய வைத்தவை. மூன்றாவது உறைய வைத்து, வெற்றிடத்தில் நீரை எடுத்தது. சூடு குறைவாகப் பட்டதால் அதில் வாசம் கூடுதலாக மிஞ்சும், விலையும் கூட. தமிழ்நாட்டிலிருந்து வந்த போத்தல் என்றால் சிக்கரி எவ்வளவு என்று பாருங்கள், அங்கே அந்த வீதத்தை லேபலில் போட்டாக வேண்டும். சிக்கரி கறுப்பு நிறமும் தடிப்பும் கொடுக்கும், கபீன் அதில் இல்லை. பால் கோப்பிக்கு நன்றாக நிற்கும், கறுப்பாகக் குடிப்பவருக்கு ஒத்துவராது.

இங்கே வீடுகளில் பால் என்றால் பெரும்பாலும் பால்மாதான், ஆகவே பால்மாவோடு ஒரு கணக்குச் சொல்கிறேன். இரண்டு கப் எடுங்கள். முதல் கப்பில் குவித்த தேக்கரண்டி இரண்டு பால்மா, ஏறத்தாழ 10 கிராம் வரும், அதோடு மட்டமாக ஒரு தேக்கரண்டி சீனி. கைபொறுக்கும் சூட்டில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் பசையாகும் வரை குழையுங்கள். கொதிக்கும் தண்ணீரை நேரே பால்மாவில் ஊற்றினால் கட்டியின் வெளிப்புறம் உடனே ஈரமாகி மூடிக்கொள்ளும், உள்ளே காய்ந்த மா அப்படியே இருக்கும். பிறகு எவ்வளவு கலக்கியும் பயனில்லை. குழைத்த பிறகு 50 மில்லிலீற்றர் அளவு சுடுதண்ணீர் விட்டு இளக்குங்கள்.

இரண்டாவது கப்பில் சற்றே குவித்த ஒரு தேக்கரண்டி கோப்பித் தூள். அதில் ஒரு கரண்டி பச்சைத் தண்ணீர் விட்டு முழுதாகக் கரையுங்கள். கேத்தில் கொதித்து நின்றதும் மூடியைத் திறந்து ஒன்றிரண்டு நிமிடம் விட்டு, 80 மில்லிலீற்றர் அளவு ஊற்றுங்கள். கொதிதண்ணீர் நேரே விழுந்தால் ஆவியோடு வாசம் மேலே கிளம்பிப் போகும், அறை மணக்கும், கப் மணக்காது. இப்போது கோப்பியைப் பாலுக்குள் ஊற்றி, இரண்டு கப்புக்கும் இடையில் நாலைந்து தரம் உயர்த்தி ஆற்றுங்கள். நுரை வரும், குடிக்கும் சூட்டுக்கும் வந்துவிடும். பால்மாவைத் தனியாக இளக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. கடும் கோப்பிக்குள் பால்மாவை நேரே போட்டால் மேலே சொன்ன அதே திரளல் வரும்.

இந்தக் கப்பில் சேர்த்த சீனி 4 கிராம், பக்கற்றில் 10. அம்மம்மாவுக்கு அந்த நாலையும் விட்டுவிடலாம். பால்மாவில் பாலின் சொந்த இனிப்பு ஓரளவு இருக்கிறது, அதையும் அவவின் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கறுப்பாகக் குடிப்பவர்கள் பால் பகுதியை விட்டுவிட்டு 150 மில்லிலீற்றர் தண்ணீரில் அதே முறையில் போடலாம். கசப்பு உறைத்தால் இரண்டு விரல் நுனியில் எடுக்கும் உப்பில் பாதி போதும், உப்பு நாக்கில் கசப்பை மட்டுப்படுத்தும். கரையோரப் பக்கத்துக் கிணறு என்றால் அந்த வேலை ஏற்கெனவே நடந்திருக்கும், நீங்கள் போட வேண்டாம்.

போத்தலைத் திறந்த நாளிலிருந்து காற்றின் ஈரம்தான் எதிரி. ஈரக் கரண்டி ஒருதரம் போனால் போதும், மாரி காலத்தில் மூடியைச் சரியாக இறுக்காவிட்டாலும் போதும், தூள் ஒட்டிப் பாறையாகிவிடும். சற்றே ஒட்டியது உதிர்ந்தால் குடிக்கலாம். கறுத்துப் பிசின் மாதிரி இழுபட்டால் எறிந்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பத்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு, ஆனால் ஒவ்வொரு முறை வெளியே எடுத்துத் திறக்கும்போதும் குளிர்ந்த தூளில் ஈரம் படியும். சில கிழமைக்கு வருகிறவர் 50 கிராம் போத்தலுக்கு மேல் வாங்கத் தேவையில்லை. அடிக்கடி இடம் மாறுவதென்றால் ஒரு கப் அளவில் அடைத்த வெறும் கோப்பிப் பக்கற்றுகளை வாங்குங்கள். த்ரீ இன் வன்னும் அதுவும் ஒரே நிறத்தில் அடுத்தடுத்துத் தொங்கும் கடைகள் உண்டு, கையில் எடுத்து எடையைப் பாருங்கள்: 20 கிராமுக்குக் கிட்ட இருந்தால் சீனி சேர்ந்தது, இரண்டு கிராமுக்குக் கிட்ட இருந்தால் வெறும் கோப்பி.