ஹஜ்ஜுக்கு விடுப்பு கேட்பது எப்படி: குலுக்கல் முதல் விமானம் வரை

ஹஜ் கமிட்டி மூலம் முதல்முறை ஹஜ்ஜுக்குப் போகிற, மாதச் சம்பளத்தில் இருக்கிறவர்களுக்கான பதிவு இது. இபாதத் பற்றியும் பெட்டி கட்டுவது பற்றியும் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். ஒன்றரை மாத விடுப்பை ஆபீசில் எப்படிக் கேட்பது என்று சொல்லத்தான் ஆள் குறைவு.

இதில் சிக்கல் நாட்களின் எண்ணிக்கை மட்டும் அல்ல. விடுப்பைக் கேட்க வேண்டிய நேரத்தில் உங்கள் விமானத் தேதி உங்களுக்கே தெரியாது. தெரிய வரும்போது அதை மாற்ற முடியாது, ஆபீசில் கேட்கவும் நேரம் இருக்காது. அதனால் விடுப்பை இரண்டு கடிதங்களாகக் கேட்க வேண்டும். முதல் கடிதம் ஒரு காலகட்டத்துக்கு அனுமதி வாங்கும். இரண்டாவது கடிதம் தேதியைச் சொல்லும்.

படி 1: விண்ணப்பம் போடும் முன்பே வாய்வழியாகச் சொல்லுங்கள்

2026 ஹஜ்ஜுக்கான விண்ணப்பம் 2025 ஜூலையிலேயே தொடங்கி, ஆகஸ்டில் குர்ஆ எனப்படும் குலுக்கல் நடந்துவிட்டது. அதாவது பயணத்துக்கு ஒன்பது மாதம் முன்னால். பெயர் வந்ததும் சில நாட்களுக்குள் முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டிய பிறகு ரத்து செய்தால் பிடித்தம் உண்டு. நாள் நெருங்க நெருங்க பிடித்தமும் கூடும். ஆகவே மேலாளரின் மனநிலை தெரிய வேண்டியது பணம் கட்டுவதற்கு முன்பு.

"சார், இந்த வருஷம் ஹஜ்ஜுக்குப் போடப் போகிறேன். குலுக்கலில் வந்தால் அடுத்த ஏப்ரல், மே, ஜூனில் ஒன்றரை மாதம் இருக்க மாட்டேன்" என்று சொன்னால் போதும். இந்த நேரத்தில் மறுப்பது அரிது. ஆனால் அவர் முகம் போகிற போக்கில் பின்னால் வரப்போகும் பேச்சு தெரிந்துவிடும்.

கணவன், மனைவி இருவரும் ஒரே கவரில், அதாவது ஒரே கூட்டு விண்ணப்பமாகப் போட்டு, இருவரும் வேலையில் இருந்தால் இரண்டு ஆபீசிலும் இதைச் செய்ய வேண்டும். ஒரே கவர் என்றால் ஒரே விமானம்.

படி 2: நாட்களைக் கணக்கிடுங்கள்

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஹஜ்ஜின் கிரியைகள் துல்ஹஜ் 8 முதல் 13 வரை. பிறைக் கணக்கு ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும். 2027இல் துல்ஹஜ் 8 என்பது மே 14 வாக்கில் வருகிறது. பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம். கமிட்டியின் விமானங்கள் ஹஜ்ஜுக்கு ஐந்து வாரம் முன்பிருந்து கிளம்பும். கடைசி விமானம் திரும்ப ஹஜ் முடிந்து ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஆக 2027க்கு, ஏப்ரல் முதல் வாரம் தொடங்கி ஜூன் மூன்றாம் வாரம் வரை உங்கள் பயணம் எங்கே வேண்டுமானாலும் விழலாம். அதற்குள் உங்கள் பங்கு வழக்கமாக 40 முதல் 45 நாள். முதலில் போகிறவர்கள் பெரும்பாலும் மதீனாவுக்கு இறங்கி, அங்கிருந்து மக்கா வருவார்கள். பிந்திப் போகிறவர்களுக்கு ஹஜ் முடிந்த பிறகே மதீனா.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்காளர். ஞாயிறு மட்டும் வார விடுமுறை. அவருக்கு 2027 ஏப்ரல் 20 விமானம், மே 30 திரும்புதல் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் ஹஜ் முகாமில் முன்னதாகவே ஆஜராக வேண்டும், அதனால் ஏப்ரல் 19 திங்களிலிருந்து விடுப்பு. திரும்பிய பிறகு ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹஜ் முடிந்து வருகிற பாதிப் பேர் இருமலோடுதான் இறங்குகிறார்கள். போதாததற்கு ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் வாங்க வீடு நிறைய ஆள் வரும். ஆக விடுப்பு ஜூன் 5 சனி வரை, வேலைக்குத் திரும்புவது ஜூன் 7 திங்கள்.

ஏப்ரல் 19 முதல் ஜூன் 5 வரை மொத்தம் 48 நாள். நடுவில் ஆறு ஞாயிறு, ஒரு மே தினம். கழித்தால் 41 வேலை நாள். பக்ரீத் விடுமுறை வேலை நாளில் விழுந்தால் 40.

இப்போது கையிருப்பு. ஜனவரி 1 அன்று அவருக்கு முந்தைய ஆண்டிலிருந்து வந்த 24, புதிதாக ஏறிய 14, ஆக 38 நாள் ஈட்டிய விடுப்பு இருக்கிறது. இரண்டு மூன்று நாள் சம்பளம் இல்லாத விடுப்பு, அவ்வளவுதான். ஆனால் நடுவில் வரும் ஞாயிறையும் விடுப்பாகவே எண்ணுகிற கம்பெனியாக இருந்தால் தேவை 48, பற்றாக்குறை 10. தொழிற்சாலைகளில் சட்டப்படியான ஆண்டு விடுப்பில் இடையில் வரும் விடுமுறை நாட்களைச் சேர்க்கக் கூடாது. கம்பெனி தன் இஷ்டத்துக்குக் கொடுக்கும் மற்ற விடுப்புகளுக்கு அவர்கள் விதிதான். எச்.ஆரிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. தொழிற்சாலைகளில் ஈட்டிய விடுப்பு 20 நாள் வேலைக்கு ஒன்று என்று ஏறும், அடுத்த ஆண்டுக்கு 30 வரைதான் போகும். அதனால் குலுக்கலில் பெயர் வந்த வருடம் விடுப்பைச் செலவழிக்காமல் வைத்திருங்கள். டிசம்பரில் "விடுப்பைப் பணமாக்கிக்கொள்ளலாம்" என்று சுற்றறிக்கை வரும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நாட்கள் போதவே போதாது என்றால், 2026 ஹஜ்ஜுக்குக் கமிட்டி சுமார் 20 நாளில் முடியும் குறுகிய காலப் பயணத்தையும் கொண்டுவந்தது. செலவு கூடுதல், இடம் குறைவு. விண்ணப்பத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டிய விஷயம் என்பதால் இந்தக் கணக்கை ஜூலைக்கு முன் போட்டுவிடுவது நல்லது.

படி 3: முதல் கடிதம்

குலுக்கலில் பெயர் வந்ததும், முன்பணம் கட்டும் முன் கொடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் இருந்தால் கடிதம் வேண்டாம், வாய்வழியாக நினைவூட்டினால் போதும். இடம் உறுதியான அன்றே எழுதிக் கொடுங்கள்.

> ஐயா,
>
> 2027ஆம் ஆண்டு ஹஜ் பயணத்துக்கு இந்திய ஹஜ் கமிட்டி மூலம் தேர்வாகியுள்ளேன். தேர்வு விவரம் இணைத்துள்ளேன். என் விமானத் தேதியைக் கமிட்டியே ஒதுக்கும்; அது பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தெரியவரும், என்னால் மாற்ற இயலாது.
>
> எனவே 2027 ஏப்ரல் 5 முதல் ஜூன் 26 வரையிலான காலத்துக்குள் தொடர்ச்சியாக 48 நாட்கள் (வார விடுமுறைகள் உட்பட) விடுப்பு எடுக்கக் கொள்கை அளவில் அனுமதி வேண்டுகிறேன். கையிருப்பில் உள்ள ஈட்டிய விடுப்பு போக மீதி நாட்களைச் சம்பளமில்லா விடுப்பாகக் கருதலாம். தேதி தெரிந்த மறுநாளே தெரிவிக்கிறேன்.
>
> என் பணிகளை ஒப்படைக்கும் திட்டத்தை ஜனவரி இறுதிக்குள் தருகிறேன்.

இதில் உயிர்நாடி "என்னால் மாற்ற இயலாது" என்ற வரி. அது இல்லாவிட்டால் மார்ச் மாதம் "ஒரு வாரம் தள்ளிப் போகச் சொல்லிப் பாருங்களேன்" என்று கேட்பார்கள். கல்யாணத் தேதியையாவது தள்ளலாம், இதைத் தள்ள முடியாது என்பது அவர்களுக்குத் தெரிய நியாயம் இல்லை.

பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் பாய், போயிட்டு வாங்க" என்று தோளைத் தட்டிய மேலாளர் ஜனவரியில் வேறு கிளைக்குப் போய்விட்டால், புதியவருக்கு நீங்கள் யாரோ. விடுப்பு மென்பொருள் இதுமுதல் இதுவரை என்று தேதி கேட்டால், தோராயத் தேதியைப் போட்டு, குறிப்பில் "தற்காலிகம், விமானத் தேதிப்படி மாறும்" என்று எழுதுங்கள்.

அரசு ஊழியர்களுக்கு விடுப்பு மட்டும் போதாது. வெளிநாடு செல்ல அனுமதி தனியாக வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு வாங்கிய தடையின்மைச் சான்று இதற்குச் செல்லாது. கோப்பு மேலே போய்த் திரும்பி வர எத்தனை மேஜை என்பது உங்களுக்கே தெரியும். விடுப்பு விண்ணப்பத்தையும் வெளிநாட்டு அனுமதியையும் ஒன்றாக அனுப்பி, கோப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை விசாரியுங்கள்.

படி 4: வேலையை ஒப்படைக்கும் தாள்

"எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். நீங்கள் இல்லாத நாட்களில் விழும் கெடுக்களைத் தேதியோடு எழுதுங்கள். நம் கணக்காளருக்கு அவற்றில் சில: ஏப்ரல் 30, மார்ச் மாத டி.டி.எஸ். கட்டுதல்; மே 11, ஜி.எஸ்.டி. விற்பனை விவரம்; மே 15, பி.எஃப்., இ.எஸ்.ஐ.; மே 20, ஜி.எஸ்.டி. மாதப் படிவம்; மே 31, நான்காம் காலாண்டு டி.டி.எஸ். படிவம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர், ஓ.டி.பி. யார் போனுக்கு வரும் என்ற விவரம். இந்த ஓ.டி.பி. விஷயத்தை விட்டுவிட்டால், நீங்கள் அரஃபாவில் கையேந்தி நிற்கும்போது ஆபீசிலிருந்து போன் வரும். போர்ட்டலில் பதிவான எண்ணை மார்ச்சிலேயே மாற்றி, ஏப்ரல் 11, 15 தேதிகளின் வேலையை உங்கள் முன்னாலேயே அவரைச் செய்யவிடுங்கள்.

படி 5: இரண்டாவது கடிதம்

விமானம் ஒதுக்கப்பட்டதும் அன்றோ மறுநாளோ இரண்டே வரி: "முன்பு தாங்கள் அளித்த அனுமதியின்படி என் விடுப்பு ஏப்ரல் 19 முதல் ஜூன் 5 வரை. விமான விவரம் இணைத்துள்ளேன்." முதல் கடிதத்துக்கு வந்த பதிலையும் கூடவே இணையுங்கள். தொழிற்சாலை விடுப்புக்குப் பதினைந்து நாள் முன்பே எழுதித் தரவேண்டும் என்பது வழக்கமான விதி. முதல் கடிதம் இருப்பதால் தேதி தாமதமாக வந்தாலும் அந்தப் பிரச்சினை எழாது.

பயிற்சி முகாம், தடுப்பூசி முகாம் ஆகியவற்றுக்கும் ஓரிரு நாள் வேண்டும். அவை வேலை நாளிலும் வரலாம். அவற்றைத் தற்செயல் விடுப்பில் எடுங்கள், 48இல் சேர்க்காதீர்கள்.

தனியார் பயண நிறுவனம் மூலம் போகிறவர்களுக்குக் கிளம்பும் தேதியை முன்பே சொல்லிவிடுவார்கள். ஆனாலும் விசாவையும் விமானத்தையும் பொறுத்து அது நகரக்கூடும். முதல் கடிதத்தில் இரு பக்கமும் நான்கைந்து நாள் கூட்டியே கேளுங்கள். திரும்பும் விமானம் தாமதமானால் யாருக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டு, அந்த எண்ணை வீட்டிலும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.