லேபிள் படத்தை வைத்து மெத்தை தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைப் பண்ணாதீர்கள்

மதுரையில் இருக்கும் சித்தி போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். பழைய மெத்தையின் லேபிள். "இதே மெத்தைதான் வேணும்ப்பா, எங்க கிடைக்கும்னு பாத்துச் சொல்லு." கம்பெனி பெயர் பளிச்சென்று இருந்தது, கீழே 'ஆர்த்தோ மெமரி' என்று இருந்தது, மற்றதெல்லாம் ஃபிளாஷ் வெளிச்சத்தில் வெள்ளையாகிப் போயிருந்தது.

எல்லோரும் செய்கிற முதல் தப்பு இதுதான். பெரிய லேபிள் விளம்பரத்துக்கானது. நமக்கு வேண்டியது ஓரத் தையலில் துருத்திக்கொண்டிருக்கும் சின்னத் துணி லேபிள், அல்லது உறையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர். அளவு, தயாரித்த மாதம், பேட்ச் எண் எல்லாம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். விரலால் நீவிப் பிடித்து, ஃபிளாஷ் போடாமல், ஜன்னல் பக்கம் வைத்து எடுக்கச் சொன்னேன். இந்தத் தடவை 72 x 36 x 5 என்று தெளிவாகத் தெரிந்தது.

அடுத்த தப்பு, லேபிளில் இருக்கும் பெயரையே உள்ளே இருக்கும் பொருள் என்று நம்புவது. 'ஆர்த்தோ' என்பது ஒரு ஃபோமின் பெயர் இல்லை, கடினமான மெத்தை என்று சொல்ல வியாபாரத்தில் புழங்கும் சொல், அவ்வளவுதான். 'மெமரி' என்று போட்டிருந்தால் மேலே ஒரு இன்ச் மெமரி ஃபோம் இருக்கலாம், மீதி நாலு இன்ச் என்னவென்று அந்தப் பெயர் சொல்லாது. அது சாதாரண பியூ ஃபோமாக இருக்கலாம், வெட்டிய ஃபோம் துண்டுகளைப் பசையோடு சேர்த்து அழுத்திய ரீபாண்டடாக இருக்கலாம், டிவி பெட்டிக்குள் வருமே வெள்ளை ஷீட், அந்த ஈபிஇ கூட இருக்கலாம். அதே பெயரில் இன்று விற்கும் மெத்தையில் உள்ளடுக்கு மாறியிருக்கவும் வாய்ப்புண்டு.

இதைக் கண்டுபிடிக்க மெத்தையைக் கிழிக்க வேண்டாம், எடை போட்டால் போதும். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. கன அடிக்கு மாற்றினால் 40 டென்சிட்டி ஃபோம் சுமார் 1.1 கிலோ வரும், 90 டென்சிட்டி ரீபாண்டட் சுமார் 2.5 கிலோ வரும். சித்தியின் மெத்தை, 72-ஐ 36-ஆலும் 5-ஆலும் பெருக்கி, ஒரு கன அடிக்கு 1728 கன இன்ச் என்பதால் 1728-ஆல் வகுத்தால், சரியாக 7.5 கன அடி. கடைக்காரர் அன்று சொன்னபடி நாலு இன்ச் ரீபாண்டட், ஒரு இன்ச் மெமரி என்றால் உறையோடு 18 கிலோவாவது இருக்க வேண்டும். சித்தி மகன் மெத்தையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, தன் எடையைக் கழித்துப் பார்த்தான். ஒன்பதரை கிலோ! உள்ளே நாலு இன்ச் ரீபாண்டட் இருக்க வாய்ப்பே இல்லை. நடுவில் குழி விழுந்து சித்திக்கு இடுப்பு வலி வந்ததில் ஆச்சரியமில்லை, அதே மெத்தைதான் மறுபடி வேண்டுமாம்.

இங்கேயே இன்னொரு குழப்பமும் வரும். டென்சிட்டி கூடினால் கடினம் கூடும் என்று நினைக்கிறார்கள். அது ஃபோமின் எடை, பொதுவாக எத்தனை நாள் தாங்கும் என்பதற்கான குறிப்பு. 50 டென்சிட்டி மெமரி ஃபோம் 32 டென்சிட்டி பியூவை விட மெத்தென்று இருக்கும். கடினம் தனிச் சங்கதி, அதிலும் 'மீடியம் ஃபர்ம்' என்று லேபிளில் போட எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. கையால் அமுக்கிப் பார்ப்பதும் உதவாது. மெமரி ஃபோம் குளிரில் இறுகும், சூட்டில் இளகும். ஏசி ஷோரூமில் திடமாகத் தோன்றியது மே மாத மதுரையில் புதைய வைக்கும். நீங்கள் எப்படித் தூங்குவீர்களோ அப்படியே பத்து நிமிஷம் படுத்துப் பார்க்க வேண்டும், கடைக்காரர் முறைத்தாலும்.

விலையில் எம்ஆர்பியையும் தள்ளுபடி சதவீதத்தையும் பார்த்து ஏமாறாதீர்கள். 78 x 72 x 6 மெத்தை 18,000 ரூபாய், 75 x 60 x 5 மெத்தை 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 19.5 கன அடி, அதாவது கன அடிக்கு சுமார் 920 ரூபாய். இரண்டாவது 13 கன அடி, 1,075 ரூபாய்க்கு மேல். மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூட. ஆனால் இந்தக் கணக்கு உள்ளடுக்கு ஒன்றாக இருந்தால் மட்டுமே செல்லும். லேட்டக்ஸையும் பியூவையும் இப்படி ஒப்பிட்டால் அர்த்தமில்லை.

சித்தி கடைசியில் வேறு மெத்தை வாங்கினார். ஒவ்வொரு அடுக்கின் தடிமனும் டென்சிட்டியும் பில்லில் எழுதித் தரச் சொன்னோம். முதல் கடையில் "அதெல்லாம் எழுத மாட்டோம்ங்க" என்றார்கள், இரண்டாவது கடையில் எழுதித் தந்தார்கள். டெலிவரி அன்று உறையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணினார். "பத்தொம்பது கிலோப்பா."