வங்கி சொன்ன கெடு வேறு, குறைதீர்ப்பாளர் கேட்கும் கெடு வேறு

வங்கியில் பணம் சிக்கிக்கொண்டவர்கள், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதும் கடிதங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். நான் அன்று செய்த தவற்றையே இன்றும் பலர் செய்கிறார்கள்.

கெடுவைக் குழப்பிக்கொள்வது

மார்ச் 3. ஏடிஎம்மில் 10,000 ரூபாய் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. மறுநாள் வங்கிக்குப் போன் செய்தேன். புகார் எண் கொடுத்து, "ஏழு வேலை நாளில் சரியாகிவிடும் சார்" என்றார்கள். ஆகவில்லை. பத்து நாள் கழித்து, கோபத்தோடு cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளருக்குப் புகார் போட்டேன். விசாரிக்காமலேயே மூடிவிட்டார்கள்.

காரணம் இரண்டு. ரிசர்வ் வங்கியின் திட்டப்படி, முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் தந்திருக்க வேண்டும். அப்புறம் வங்கி அதை நிராகரித்திருக்க வேண்டும், அல்லது திருப்தியில்லாத பதில் தந்திருக்க வேண்டும், அல்லது புகார் கிடைத்து 30 நாள் ஆகியும் பதிலே தராமல் இருந்திருக்க வேண்டும். வங்கி தானாகச் சொன்ன ஏழு நாளுக்கு அங்கே மதிப்பில்லை. என்னிடம் இருந்ததோ வெறும் போன் புகார். அதனால் என் 30 நாள் கணக்கு தொடங்கவே இல்லை. மார்ச் 27 அன்று மின்னஞ்சல் அனுப்பி, முதலிலிருந்து எண்ணினேன். இத்தனை நாள் வீணாகும் என்று அந்தப் போனில் ஒருவரும் சொல்லவில்லை; அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

போனில் சொன்ன அன்றே மின்னஞ்சலும் அனுப்புங்கள். கிளையில் கடிதம் கொடுத்தால், நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வங்கி நிராகரித்துவிட்டால் 30 நாள் காத்திருக்கத் தேவையில்லை.

இழப்பீட்டைக் கணக்குப் போடாமல் விடுவது

"தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று முடிக்காதீர்கள். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால், அந்த நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் வங்கி திருப்பி வரவு வைக்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய், வாடிக்கையாளர் கேட்காமலேயே தர வேண்டும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. இங்கே எண்ணுவது காலண்டர் நாள், வேலை நாள் அல்ல. என் இரண்டாவது கடிதத்தில் இப்படி எழுதினேன்:

"மார்ச் 3 அன்று பணம் கழிந்தது. மார்ச் 8க்குள் வரவு வைத்திருக்க வேண்டும். மார்ச் 27 அன்று எழுத்தில் புகார் தந்தேன். ஏப்ரல் 26 வரை பதில் இல்லை. அசல் 10,000 ரூபாயும், மார்ச் 9 முதல் ஏப்ரல் 27 வரை 50 நாளுக்கு 5,000 ரூபாயும், வரவாகும் நாள் வரை மேற்கொண்டு நாளுக்கு 100 ரூபாயும் கேட்கிறேன்."

அதோடு கணக்கு விவரத்தில் அந்த ஒரு வரி தெரியும் பக்கத்தையும், மின்னஞ்சலையும் இணைத்தேன். இந்த முறை ஏற்றுக்கொண்டார்கள்.

வக்கீல் மூலம் அனுப்புவது

ஏற்க மாட்டார்கள். நீங்களே கையெழுத்திடுங்கள்.

நீதிமன்றத்திலும் அதே வழக்கு

நிலுவையில் இருந்தால், இங்கே எடுக்க மாட்டார்கள்.